பச்சை டிக் வந்தது, படம் வரவில்லை

இணைய விண்ணப்பத்தில் புகைப்படம் ஏற்றும் கட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக் தோன்றுகிறது. ‘பதிவேற்றப்பட்டது’ என்ற வரியும் வந்துவிடுகிறது. ஆனால் முகம் தெரிய வேண்டிய சதுரம் வெறுமையாகவோ சாம்பல் நிறமாகவோ கிடக்கிறது. நெட் மெதுவாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று நினைத்துப் பலரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அது வரப்போவதில்லை. ஏற்றிய கோப்பிலேயே படம் இல்லை என்பதுதான் அங்கே நடந்திருப்பது.

படமே இல்லாத கோப்பு எப்படி இத்தனை வாசல்களைத் தாண்டி உள்ளே போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளில் சிலரையாவது காப்பாற்றலாம். அதனால் ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடம் வரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

பிரவுசிங் சென்டரில் ஒரு பெண் வேலைவாய்ப்பு விண்ணப்பம் போட உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய படம் வீட்டில் தம்பியின் போனில் இருக்கிறது. அவன் அதை மெயிலில் அனுப்புகிறான். படத்தின் அளவு 4000க்கு 3000 புள்ளிகள், எடை 3.4 எம்பி. சென்டரில் பதிவிறக்கம் தொடங்கி, 40 கேபி வந்ததும் இணைப்பு திணறி நிற்கிறது. டவுன்லோட்ஸ் அடைவில் `photo.jpg.crdownload` என்ற பெயரில் ஒரு கோப்பு கிடக்கிறது. குரோம் பிரவுசர், இறங்கி முடியாத கோப்புக்கு இப்படித்தான் வால் ஒட்டி வைக்கும். ஃபயர்பாக்ஸ் என்றால் அந்த வால் `.part` என்று இருக்கும். கோப்பு முழுசாக வந்து சேர்ந்ததும் பிரவுசரே வாலை எடுத்துவிடும். எடுக்கவில்லை என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

சென்டரில் இருப்பவருக்கு அவசரம். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். அவர் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, பெயரிலிருந்து `.crdownload` என்பதை அழித்துவிடுகிறார். இப்போது அதன் பெயர் `photo.jpg`. விண்ணப்பம் கேட்பது ஜேபிஜி படம், 20 கேபி முதல் 50 கேபி வரை. கோப்பின் எடையைப் பார்க்கிறார், 40 கேபி. சரியாக இருக்கிறதே, சுருக்க வேண்டிய வேலைகூட இல்லை என்று ஏற்றிவிடுகிறார்.

“அண்ணா, போட்டோ ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சும்மா, டிக் வந்துடுச்சு பாரு.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முழுப்படம் ஒழுங்காக இறங்கியிருந்தால் 3.4 எம்பி என்று பார்த்ததுமே விண்ணப்பம் திருப்பி அனுப்பியிருக்கும். யாராவது அதைத் திறந்து, வெட்டி, சுருக்கி, மறுபடி சேமித்திருப்பார்கள். அந்தச் சாக்கில் படம் ஒரு மனிதக் கண்ணில் பட்டிருக்கும். பாதியில் அறுந்ததால் எடை தானாகவே வரம்புக்குள் விழுந்தது. யாரும் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. கோளாறே கோப்புக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது.

சரி, அந்த 40 கேபிக்குள் என்னதான் இருக்கிறது? எந்தக் கோப்பையும் அதன் பைட்டுகளாகப் பிரித்துக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர்கள் உண்டு. அதில் திறந்தால் நம் கோப்பு இப்படித் தொடங்கலாம்:

```
FF D8 FF E1 5D C2 45 78 69 66 00 00
```

முதல் இரண்டு பைட்டுகள் `FF D8`. எந்த ஜேபெக் கோப்பும் இந்த இரண்டில்தான் தொடங்கும். அடுத்த `FF E1` ஒரு பகுதியின் வாசல். அந்தப் பகுதி எவ்வளவு நீளம் என்பதை `5D C2` சொல்கிறது; நம் கணக்கில் 24,002 பைட். அதற்கடுத்த நான்கும் `Exif` என்ற எழுத்துகள். எக்ஸிஃப் என்ற இந்தப் பகுதியில் கேமராவின் பெயர், எடுத்த நேரம், போனை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தோம் என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். அவற்றோடு பெரும்பாலும் ஒரு குட்டிப்படமும் இருக்கும். 160க்கு 120 புள்ளிகள் என்பது அதன் வழக்கமான அளவு. அந்தக் குட்டிப்படம் தன்னளவில் ஒரு முழுமையான ஜேபெக். பெரிய படத்துக்குள், அதுவும் தொடக்கத்திலேயே, உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே இறங்கிய 40 கேபியில் முதல் 24 கேபி படக்குறிப்பும் குட்டிப்படமும்தான். அதன் பிறகு படத்தின் அகலம் உயரம், நிறக்கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் என்று சில நூறு பைட்டுகள். கடைசியாக மிஞ்சும் ஏறக்குறைய 16 கேபிதான் உண்மையான படத்தின் தொடக்கம். படத்தை ஜேபெக் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, மேல் வரிசையில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே கீழே இறங்கும். போன் படங்களில் பொதுவாக ஒரு கட்டத்தின் உயரம் 16 புள்ளிகள். 3000 புள்ளி உயரத்துக்கு 188 வரிசைகள். மொத்த எடையைச் சமமாகப் பங்கிட்டால் வரிசைக்கு 18 கேபி. நம்மிடம் இருப்பது 16. முதல் வரிசையே முடியவில்லை! விண்ணப்பத்தில் 150 புள்ளி உயரமுள்ள சதுரத்தில் இதைக் காட்டினால், அந்த முதல் வரிசைக்கு ஒரு புள்ளி உயரம்கூடக் கிடைக்காது. சதுரம் வெறுமையாகத் தெரிவதில் வியப்பே இல்லை.

ஆனால் அதே கோப்பு இருக்கும் அடைவைத் திறந்து பாருங்கள். குட்டிப்படத்தில் அந்தப் பெண்ணின் முகம் அழகாகத் தெரியக்கூடும். படப்பட்டியல் காட்டும் பல செயலிகள், வேகத்துக்காகப் பெரிய படத்தைப் பிரிக்காமல் எக்ஸிஃபுக்குள் இருக்கும் குட்டிப்படத்தையே எடுத்துக் காட்டும். “அடைவில் தெரியுதே, ஏத்தினா மட்டும் ஏன் தெரியல?” என்று கேட்டு, குற்றத்தை விண்ணப்பத் தளத்தின் மேல் போடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அடைவில் தெரிந்தது வேறு படம். ஏற்றியதும் தெரிய வேண்டியது வேறு படம். இரண்டும் ஒரே கோப்பின் உள்ளே இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இனி விண்ணப்பத்தின் பக்கம் போவோம். கோப்பைப் பெறும் சர்வர் எதைப் பார்த்து டிக் போடுகிறது? எளிமையாக எழுதப்பட்ட நிரலாக இருந்தால், பெயர் `.jpg` என்று முடிகிறதா, எடை வரம்புக்குள் இருக்கிறதா, ‘இது ஜேபெக்’ என்று பிரவுசர் சொல்கிறதா என்பதோடு சரி. இந்த மூன்றாவது சாட்சியத்துக்கு மதிப்பே இல்லை, ஏனென்றால் பிரவுசர் பொதுவாகக் கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறது. பெயரை மாற்றியது நாம். நாம் சொன்னதை பிரவுசர் திருப்பிச் சொல்ல, அதை சர்வர் நம்புகிறது. பதிவுத் தபாலின் ஒப்புதல் அட்டை உறை வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே இருக்கும் கடிதத்தில் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று தபால்காரர் பிரித்துப் பார்ப்பதில்லை. பச்சை டிக்கும் அந்த அட்டைதான். அனுப்பிய 40 கேபியும் குறையாமல் வந்தது என்று அது சொல்வது உண்மைதான். பொய் ஏதும் இல்லை.

கொஞ்சம் கவனமாக எழுதிய நிரல்களும் இந்தக் கோப்பிடம் தோற்பதுண்டு. படத்தின் அகலம், உயரம் முதலியவை கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அதை மட்டும் படித்துப் பார்த்தால் 4000க்கு 3000 என்று மிகச் சரியான விடை கிடைக்கும். பைத்தான் மொழியில் படங்களைக் கையாளப் பயன்படும் பில்லோ என்ற நிரலகத்தை வைத்து இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்:

```
from PIL import Image

with Image.open("photo.jpg") as im:
    print(im.size)
    im.load()
```

நம் அரைகுறைக் கோப்பின் மேல் இதை ஓட்டினால், முதலில் `(4000, 3000)` என்று நிதானமாக அச்சாகும். திறந்தாயிற்று, அளவும் தெரிந்துவிட்டது, எந்தக் குறையும் இல்லை. அடுத்த வரியில் `load()` படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போகும்போதுதான் `image file is truncated` என்று கத்தும். பல தளங்கள் முதல் வரியோடு திருப்தியடைந்து டிக் போட்டுவிடுகின்றன. இரண்டாவது வரிக்கு நேரமும் கணினியின் உழைப்பும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் ஒருவருடைய தேர்வோ வேலையோ அந்தப் படத்தைச் சார்ந்திருக்கும்போது, அந்தச் செலவைச் செய்யாமல் ‘வெற்றி’ என்று அறிவிப்பது சரியல்ல.

ஜேபெக்கின் பிறவிக் குணமும் இதில் பங்கு வகிக்கிறது. 1992-ல் உருவான அந்தத் தரத்தில், கோப்பு முழுசாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை எதுவும் கிடையாது. கடைசியில் `FF D9` என்ற முடிவுக்குறி மட்டும் உண்டு. அது இல்லாவிட்டாலும், பிரிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பொறுத்துப்போகும். உலகெங்கும் பயன்படும் லிப்ஜேபெக் நிரலகம், தரவு தீர்ந்துபோனால் `Premature end of JPEG file` என்று ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, முடிவுக்குறியைத் தானே இட்டுக்கொண்டு, கிடைத்த வரைக்கும் படத்தைக் கொடுத்துவிடும். பாதிப் படமாவது கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான் அதற்குக் காரணம். குடும்பப் புகைப்படத்துக்கு அது வரம். விண்ணப்பத்துக்கு அதே குணம் ஆபத்தாகிறது, ஏனென்றால் அந்த எச்சரிக்கை எங்கோ ஒரு பதிவேட்டில் விழுந்து கிடக்கும், திரையில் வராது. பிஎன்ஜி வகைப் படங்களில் இப்படி ஏமாறுவது குறைவு. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் சரிபார்ப்பு எண் இருக்கிறது. கடைசியில் `IEND` என்ற துண்டும் வந்தாக வேண்டும்.

எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். 3.4 எம்பியில் 2 எம்பி வந்திருந்தால் முகத்தின் மேல்பாதி தெளிவாகவும், அதற்குக் கீழே ஒரே சாம்பலாகவும் இருக்கும். இறங்கும்போது மங்கலாகத் தொடங்கிப் போகப்போகத் துலங்கும் வகை ஜேபெக்கும் உண்டு. அது அறுந்தால் முழுமுகமும் தெரியும், ஆனால் கலங்கலாக. பாதியில் அறுபடாமல் நடுவில் சில பைட்டுகள் மட்டும் கெட்டிருந்தால், அந்த இடத்துக்குக் கீழே படம் பக்கவாட்டில் நகர்ந்து, நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறித் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தையும் ஜேபெக் தனியாக எழுதுவதில்லை. முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு கூடியது, குறைந்தது என்றுதான் எழுதும். ஒரு கணக்கு பிசகினால் பின்னால் வரும் அத்தனையும் பிசகும்.

தலைப்பகுதி வருவதற்கு முன்பே அறுந்த கோப்பு மட்டும் முற்றிலும் ஊமை. அகலம் உயரம்கூடத் தெரியாததால் பிரவுசர் அதைப் படமாகவே ஏற்காது. உடைந்த படக்குறியைக் காட்டிவிடும். பென் டிரைவை முறையாக வெளியேற்றாமல் பிடுங்கும்போது இதைவிட மோசமான ஒன்று நேரலாம். அடைவில் கோப்பின் பெயரும் முழு எடையும் பதிவாகிவிட்டிருக்கும்; உள்ளே எழுதப்பட வேண்டிய தரவு கணினியின் நினைவகத்திலேயே தங்கிவிடும். திறந்து பார்த்தால் `00 00 00` என்று சுழியங்களாகவே ஓடும். எடை சரியாக இருப்பதால் சந்தேகமே வராது.

இதே அறிகுறியோடு வேறு இரண்டு வேடதாரிகளும் வருவார்கள். அவர்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, ஐபோன் எடுக்கும் எச்இஐசி வகைப் படம். பெயரை மட்டும் `.jpg` என்று மாற்றி ஏற்றினால் போனில் அருமையாகத் தெரியும், பல தளங்களில் தெரியாது. கோப்பு கெடவில்லை, வகைதான் வேறு. அதைப் படச்செயலியில் திறந்து ஜேபிஜியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். இன்னொன்று, படமே அல்லாத வலைப்பக்கம். மெயிலிலோ டிரைவிலோ நம் உள்நுழைவு காலாவதியாகியிருந்தால், படத்துக்குப் பதிலாக ‘மறுபடி உள்நுழையவும்’ என்ற பக்கம் இறங்கி, படத்தின் பெயரிலேயே சேமிக்கப்படலாம். நோட்பேடில் திறந்து பார்த்தால் முதல் வரியிலேயே `<!DOCTYPE html>` என்று இருக்கும். உண்மையான ஜேபெக்காக இருந்தால் புரியாத கிறுக்கல்களுக்கு நடுவே `JFIF` அல்லது `Exif` என்ற எழுத்துகள் தொடக்கத்தில் தட்டுப்படும்.

கையில் இருக்கும் கோப்பு முழுசானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் வழி எளிது. கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறங்கள். குட்டிப்படத்தை நம்பாதீர்கள். திறந்ததும் பெரிதாக்கி, கீழ் விளிம்பு வரை போய்ப் பாருங்கள். அறுந்த படத்தின் குறை பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். நாமோ முகம் இருக்கும் மேல்பாதியைத்தான் பார்ப்போம். அடுத்தது, அனுப்பியவரிடம் எடையைக் கேளுங்கள். தம்பியின் போனில் 3.4 எம்பி, இங்கே 40 கேபி என்றால் மேற்கொண்டு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். எடை ஒன்றாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், இரண்டு பக்கமும் கோப்பின் கைரேகையை எடுத்து ஒப்பிடலாம். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
certutil -hashfile photo.jpg SHA256
```

64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரி வரும். ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதற்கு இது பொருந்தாது. அது வழியிலேயே படத்தைச் சுருக்கி வேறு கோப்பாக ஆக்கிவிடுகிறது. எடையும் கைரேகையும் மாறுவது அங்கே இயல்புதான். மாறாமல் வர வேண்டுமென்றால் ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

லினக்ஸோ மேக்கோ வைத்திருப்பவர்கள் கோப்பின் கடைசி இரண்டு பைட்டுகளைப் பார்க்கலாம்:

```
tail -c 2 photo.jpg | xxd
```

`ffd9` என்று வந்தால் கோப்பு கடைசி வரை வந்திருக்கிறது. நடுவில் கெட்டிருக்கிறதா என்பதை இது சொல்லாது. வராவிட்டாலும் உடனே பயந்துவிட வேண்டாம். சில போன்கள் முடிவுக்குறிக்குப் பின்னால் குறுங்காணொளி போன்ற சங்கதிகளை ஒட்டிவைக்கின்றன.

அறுந்த கோப்பைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பார்கள். வராத பைட்டுகளை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. நம் 40 கேபி கோப்பிலிருந்து மீட்கக்கூடியது அந்தக் குட்டிப்படம் மட்டும்தான். 160க்கு 120 புள்ளியை வைத்துக்கொண்டு எந்த விண்ணப்பமும் போட முடியாது. ‘கெட்ட படத்தைச் சரிசெய்து தருகிறோம்’ என்று அழைக்கும் முன்பின் தெரியாத தளங்களில் உங்கள் புகைப்படத்தையோ சான்றிதழையோ ஏற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். மூலம் தம்பியின் போனில் நலமாக இருக்கிறது. அதை மறுபடி இறக்கினால் முடிந்தது. இறக்கியதைத் திறந்து, வெட்டி, வரம்புக்குள் வருமாறு சுருக்கி, புதுப் பெயரில் சேமித்தால் கோப்பு தலை முதல் கடைசி வரை புதிதாக எழுதப்படும். பழைய பெயரிலேயே ஏற்றினால் பிரவுசர் தன் நினைவில் இருக்கும் பழைய படத்தையே காட்டி இன்னொரு முறை குழப்பலாம். பெயரை மாற்றச் சொல்வது அதற்காகவும்தான்.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் இன்னொன்று. கோப்பைத் தேர்ந்தெடுத்த உடனே தெரியும் முன்னோட்டம், பல தளங்களில் நம் கணினியிலிருந்தே காட்டப்படுவது. சர்வரில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சியல்ல. சேமித்த பிறகு வெளியேறி, திரும்ப உள்நுழைந்து, விண்ணப்பத்தை பிடிஎஃப் ஆக இறக்கிப் பாருங்கள். அதில் தெரிவதுதான் அவர்களிடம் இருக்கும் படம். அது வெறுமையாக இருந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே மறுபடி ஏற்றிவிடுங்கள்; இறுதியாகச் சமர்ப்பித்த பிறகு பல விண்ணப்பங்களில் படத்தை மாற்ற, திருத்தத்துக்கென்று தனியாகத் திறக்கும் சில நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த பிடிஎஃப் கைக்கு வரும்வரை தம்பி போனில் இருக்கும் மூலப்படத்தை அழிக்க வேண்டாம்.